ஜிம்மும் தையற்கடையும்: கூட்டுச் சலுகைக்கு ஒரு கணக்கு



நான் ஸ்காபரோவில் ஒரு சிறிய தையற்கடை நடத்துகிறேன். புதிய உடுப்புத் தைப்பது குறைவு. காற்சட்டைக் கால் கட்டையாக்குவது, இடுப்புப் பிடிப்பது, சிப் மாற்றுவது போன்ற திருத்த வேலைகள்தான் கடையின் வாடகையைக் கட்டுகின்றன. எங்கள் சனத்தில் பலர் இப்படிக் கையிலிருந்த தொழிலை வைத்தே இங்கே கடை திறந்தவர்கள். தமிழ்ப் பத்திரிகையிலும் வர்த்தகக் கையேட்டிலும் விளம்பரம் போட்டால் தமிழர் வருவார்கள். ஆனால் அதே வீதியில் நடந்து போகும் மற்றச் சமூகத்தவருக்கு அந்த விளம்பரம் எட்டாது. அவர்களைக் கடைக்குள் கொண்டுவர ஒரு வழி, அவர்கள் ஏற்கெனவே போய்வரும் இன்னொரு கடையோடு கூட்டுச் சேர்வது. அதை எப்படிச் செய்வது, லாபமா நட்டமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் யாரோடு சேர்வது? பக்கத்துக் கடை என்பதற்காக மட்டும் சேரக் கூடாது. அவர்களிடம் வருபவருக்கு எங்கள் வேலை ஏன் தேவைப்படும் என்று ஒரு வசனத்தில் சொல்ல முடிய வேண்டும். எங்கள் கட்டடத்தொகுதியில் ஒரு ஜிம் இருக்கிறது. புதுவருடத்தோடு அங்கே பலர் புதிதாகச் சேர்வார்கள். விடாமல் போனவர்களுக்கு மூன்று மாதத்தில் இடுப்பு குறையும், பழைய காற்சட்டை தொளதொளக்கும். அப்போது அவர்களுக்குத் தையற்காரர் வேண்டும். பெண்கள் உடுப்பு விற்கும் பூட்டிக் கடையோடு சேர்ந்திருந்தால், அங்கே வாங்கிய உடுப்பின் நீளத்தைச் சரிசெய்வதுதான் காரணமாக இருந்திருக்கும். காரணம் தெரிந்தால் காலமும் தெரிந்துவிடும். அதனால் ஜனவரியில் அல்ல, மார்ச் முதல் மே வரை என்று சலுகையை வைத்தோம். கோடையில் கலியாணத் தையல் குவியும்போது சலுகை கொடுத்தால், முழுவிலை வேலையைத் தள்ளிவைத்துக் குறைந்தவிலை வேலை செய்வதாகிவிடும்.

அடுத்தது எவ்வளவு குறைப்பது என்பது. ஜிம் உரிமையாளர் முதலில் "பாதி விலை போடுங்கள்" என்றார். அவர் தன் பக்கத்தில் ஒரு வாரம் இலவச அனுமதி தருவதாகச் சொன்னார். கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஜிம்முக்குள் இன்னொருவர் வந்து ஓடினால் அவருக்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எங்களுக்கோ ஒவ்வொரு உடுப்பும் கையால் பிடிக்கிற நேரம். இடுப்புப் பிடிக்க நான் வாங்குவது 24 டொலர். முக்கால் மணிநேர வேலைக்குத் தையற்காரப் பிள்ளைக்குக் கொடுப்பது 15 டொலர். நூல், மின்சாரம் ஒரு டொலர். மிஞ்சுவது 8 டொலர். பாதி விலைக்குச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் 4 டொலர் கையைக் கடிக்கும். ஆகவே முதல் உடுப்புக்கு மட்டும் 6 டொலர் குறைத்து 18 டொலர் என்று நிறுத்தினேன். அதில் 2 டொலர் மிஞ்சும். கலியாண உடுப்பும் தோல் ஜக்கெற்றும் சேராது என்று அட்டையிலேயே அச்சடித்தோம்.

இருவரும் ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதிக் கையெழுத்திட்டோம்: சலுகை என்ன, தொடங்கும் முடியும் திகதிகள் எவை, அச்சுச் செலவு யாருடையது, எதை எதை எண்ணுவது. பெயர், தொலைபேசி இலக்கப் பட்டியலை மாற்றிக்கொள்வதில்லை என்றும் அதில் எழுதினோம். கனடாவில் 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, சம்மதம் இல்லாதவருக்கு வியாபார மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பக் கூடாது. ஜிம் தன் அங்கத்தவர்களுக்கு அனுப்பும் வழமையான மடலில் எங்கள் சலுகையையும் சேர்க்கலாம். பட்டியலை எங்களிடம் தந்து, முன்பின் தெரியாத நாங்கள் அவர்களுக்கு எழுதுவதுதான் பிரச்சினை.

இனி எண்ணும் முறை. 200 அட்டை அடித்தோம், செலவு 60 டொலர். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். முதல் நூறு ஜிம்மின் வரவேற்பு மேசையில் இருந்தது. மற்ற நூறை உடற்பயிற்சி ஆசிரியர்கள் கையில் கொடுத்தார்கள். கடையில் ஒரு கொப்பி வைத்து நான்கு விடயம் எழுதினோம்: திகதி, அட்டை இலக்கம், முன்பு வந்தவரா புதியவரா, பிறகு திரும்பி வந்தாரா. வந்த அட்டைகளை ஒரு பெட்டியில் போட்டோம். கிழமை முடிவில் பெட்டியிலுள்ள அட்டையும் கொப்பியிலுள்ள வரியும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் யாரோ எழுத மறந்துவிட்டார் என்று அர்த்தம். அன்றே கேட்டால் நினைவிருக்கும், மாத முடிவில் கேட்டால் இருக்காது.

மூன்று மாதத்தில் 31 அட்டை வந்தது. மேசையில் கிடந்த நூறில் 7, ஆசிரியர் கையால் கொடுத்த நூறில் 24. உடம்பு மாறியதை அறிந்த ஒருவர் "இதைப் பிடித்துப் போடுங்கள்" என்று சொல்லிக் கொடுப்பதற்கும் மேசையில் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இந்த 31ஐப் பார்த்துச் சந்தோசப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். அதில் 9 பேர் ஏற்கெனவே என்னிடம் வருபவர்கள். அவர்கள் எப்படியும் 24 டொலர் கொடுத்திருப்பார்கள், ஆக 54 டொலர் போயிற்று. புதியவர்கள் 22 பேர், தலைக்கு 2 டொலராக 44 டொலர் மிஞ்சியது. அச்சுச் செலவு 60. கூட்டிக் கழித்தால் மே மாத முடிவில் 70 டொலர் நட்டம்.

ஆனால் கொப்பியின் நான்காவது நிரலை ஆகஸ்ட் முடிவு வரை நிரப்பினோம். புதிய 22 பேரில் 10 பேர் அட்டை இல்லாமல், முழு விலைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது 23 உடுப்பு. பெரும்பாலும் அதே அளவு வேலை என்பதால் ஒன்றுக்கு 8 டொலராகப் போட்டால் 184 டொலர். முன் நட்டத்தைக் கழித்தால் 114 டொலர் மிச்சம். பெரிய காசு இல்லை. ஆனால் தமிழ்ப் பத்திரிகை எட்டாத 10 வாடிக்கையாளர் சேர்ந்திருக்கிறார்கள். இந்தச் சலுகையைத் தீர்மானிக்கும் எண் வந்த 31 அல்ல, திரும்பி வந்த 10. அந்த எண் இரண்டு அல்லது மூன்றாக இருந்திருந்தால் அடுத்த வருடம் நிறுத்தியிருப்பேன்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் கொடுத்த 40 இலவச அனுமதிச் சீட்டில் 12 பேர் ஜிம்முக்குப் போய், 4 பேர் அங்கத்தவரானார்கள். மாதாமாதம் கட்டணம் கட்டும் 4 பேர் என்றால், அவர்களுக்குக் கிடைத்தது எங்களுக்குக் கிடைத்ததிலும் அதிகம். இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் வைத்துக் கதைத்ததால், இரண்டாம் முறை அச்சுச் செலவை ஜிம்மே ஏற்றுக்கொண்டது. இம்முறை அட்டைகள் மேசையில் இல்லை, எல்லாம் ஆசிரியர் கையில். அட்டையில் "புதிய வாடிக்கையாளருக்கு மட்டும்" என்ற வரியும் சேர்ந்துவிட்டது.

யோகா நிலையத்தோடோ பூட்டிக் கடையோடோ சேர நினைக்கும் நேயர்கள், அட்டை அடிக்கக் கொடுப்பதற்கு முன் உங்கள் ஒரு வேலையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தொகையைத் தாண்டிய சலுகையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.