இந்திய ஒப்பந்தமும் நம் தேயிலையும்

(கொட்டாஞ்சேனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

தோழர்களே, 1998 டிசம்பரில் இந்தியாவோடு கையெழுத்தான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பெயர்தான் சுதந்திரம், தேயிலைக்கு வேலி போட்டார்கள். வருடத்துக்கு 1.5 கோடி கிலோவுக்கு மட்டுமே சலுகைத் தீர்வை. அந்நாளில் நம் தோட்டங்களின் வருட உற்பத்தி ஏறக்குறைய 30 கோடி கிலோ. அதாவது இருபது கிலோவில் ஒரு கிலோவுக்குத்தான் கதவு திறந்தது. ஆரம்பத்தில் எந்தத் துறைமுகத்தில் இறக்கலாம் என்றும் கட்டுப்படுத்தினார்கள்.

இந்தியாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அஸ்ஸாமிலும் நீலகிரியிலும் கொழுந்து பறிப்பவர்கள் நம்மைப் போன்றவர்களே. நம் தேயிலை குவிந்தால் தங்கள் விலை விழும் என்பது அங்குள்ள பயம். அங்கே மலிவான தேயிலை நிறைய இருப்பதால், அந்தச் சிறு கோட்டாவையும் நம்மால் நிரப்ப முடியவில்லை.

பதிலுக்கு நாம் கொடுத்தது? விலக்குப் பட்டியலில் 1,180 பொருட்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றின் தீர்வையை எட்டு வருடங்களில் நீக்க ஒப்புக்கொண்டோம். அந்தத் தீர்வை அரசாங்கத்தின் வருமானம். கொடுத்த பிறகு, நினைத்தபடி திரும்பக் கூட்ட முடியாது.

எட்கா பேச்சுவார்த்தையில் நம் தரப்பிடம் நாம் கேட்பது இதுதான்: தேயிலைக்குக் கோட்டா எவ்வளவு, அதற்காக எந்தப் பொருளை விலக்குப் பட்டியலிலிருந்து எடுக்கிறீர்கள்? கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் காட்டுங்கள்.