வானத்திலிருந்து பார்த்தால் எது ஏரி, எது மனை?
(நமது காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன வருடம் என் தங்கை மகன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பினான். கிளம்பும் முன் செல்போனில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினான். "மாமா, பாருங்க. மேடான வெறும் தரை. மனை வரைக்கும் ரோடு போகுது," என்றான். அந்தப் படத்தை நாங்கள் எப்படிப் படித்தோம் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் முதலில் கேட்டது தேதி. அது மே மாதப் படம். நம் பக்கத்தில் மே மாதத்தில் ஏரியும் வெறும் தரைதான். அதனால் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்கச் சொன்னேன்.

நம் மாவட்டங்களில் நிலம் பெரும்பாலும் கடலை நோக்கிக் கிழக்கே சரிகிறது. ஆகவே ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம், பிறை போல வளைந்து இருக்கும். இரண்டு முனைகளும் மேற்கே திரும்பும். கரை மேல் பனைமரங்கள் வரிசையாகப் புள்ளி வைத்தது போலத் தெரியும். கரைக்கு வெளியே வரப்பு போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தால், அவை ஏரி பாயும் வயல்கள். கரைக்கு உள்ளே வரப்பே இருக்காது. கரையை ஒட்டி மண் கருத்துத் தெரியும். கடைசியாகத் தண்ணீர் நின்ற ஆழமான இடம் அது. எங்கள் படத்தில் இவை எல்லாம் இருந்தன. மனை இருந்தது பிறைக்கு உள்ளே, மேற்கு ஓரத்தில்.

அடுத்து, அவன் சொன்ன 'ரோடு'. உண்மையான சாலை ஒரே அகலத்தில் போகும். வேறு சாலைகள் வந்து சேரும். வீடுகள் அதைப் பார்த்தபடி இருக்கும். எங்கள் கோடு ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும், பாதியில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தும் போனது. மாட்டு வண்டியும் டிராக்டரும் போன தடம் அது.

பிறகு கணினியில் Google Earth Pro திறந்து, கடிகாரப் படம் போட்ட பொத்தானை அழுத்திப் பழைய படங்களைப் பார்த்தோம். மழைக்காலப் படங்களில் மேகம் மறைக்கும். மேகத்தின் நிழலும் தண்ணீர் போலக் கருப்பாக விழும். அதனால் மழை ஓய்ந்த ஜனவரிப் படங்களை எடுத்தோம். ஐந்து கிடைத்தன. மூன்றில் மனை இருந்த இடம் கருநிறமாக இருந்தது. அந்த வண்டித் தடத்தையும் காணவில்லை.

"நடவு வயலா இருக்கலாமே மாமா," என்றான். நல்ல கேள்வி. புதிதாக நட்ட வயலிலும் தண்ணீர் நிற்பதால் அப்படித்தான் தெரியும். ஆனால் வயல் தண்ணீரை வரப்புகள் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். ஓரிரு மாதத்தில் அந்த இடம் பச்சையாகிவிடும். ஏரித் தண்ணீரின் ஓரம் ஒரே வழவழப்பான கோடாக மேடு பள்ளத்தைத் தொடர்ந்து வளையும். எங்கள் படத்தில் இருந்தது அந்த வளைகோடு.

ஒரு மூலையில் மட்டும் பச்சைத் திட்டு இருந்தது. பயிரா, தண்ணீர் மேல் படர்ந்த ஆகாயத்தாமரையா? அங்கேயும் வரப்பு இல்லை. Copernicus Browser தளத்தில் Sentinel-2 படங்களை False Color வகையில் பார்த்தால் செடி சிவப்பாகவும் தெளிந்த தண்ணீர் கருப்பாகவும் தெரியும். ஒரு வருடம் சிவப்பாக இருந்த அந்த மூலை, அதற்கு முந்தைய வருடம் கருப்பாக இருந்தது. ஆகவே அடியில் தண்ணீர்தான். இந்தப் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் தனி வீடு தெரியாது. ஏரி நன்றாகத் தெரியும்.

கடைசியாக eservices.tn.gov.in தளத்தில் 'அ' பதிவேட்டைப் பார்த்தோம். பக்கத்துப் புல எண்தான் ஏரி. மனை இருந்த எண் பட்டா நிலம். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை! ஏரி நிரம்பும்போது தண்ணீர் ஏறி நிற்கிற நீர்ப்பிடிப்பு ஓரத்துப் பட்டா அது. நிலம் யாருடையது என்று படம் சொல்லாது. தண்ணீர் எதுவரை வரும் என்று பட்டா சொல்லாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பையன் முன்பணம் கொடுக்கவில்லை. மனை பார்த்து வைத்திருப்பவர்கள் புல எண்ணோடு வாருங்கள். ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் சேர்ந்து பார்ப்போம்.