பாலை விட்டாச்சு, கால்சியம் எங்கே?

போன வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். கேட்டவர் உவரிக்காரர், இப்போ சென்னையில வேலை. எடை 70 கிலோ, ஆறு மாசமா ஜிம். "புரோட்டீன் பவுடர் குடிச்சா வயிறு உப்பி, கடகடன்னு சத்தம் போட்டு, ஒரு மணி நேரத்துல பாத்ரூம் ஓடுறேன். பவுடரை மாத்தணுமா?"

எதுல கலந்து குடிக்கிறீங்கன்னு கேட்டேன். 300 மில்லி பால்ல. விஷயம் அங்கதான் இருக்கு. அந்தப் பால்ல மட்டும் கிட்டத்தட்ட 15 கிராம் லாக்டோஸ் இருக்கும். சாதாரண வே கான்சன்ட்ரேட் ஒரு ஸ்கூப்ல ஒண்ணு, ரெண்டு கிராம்தான். லாக்டோஸ் ஒத்துக்காத பெரும்பாலானவங்களுக்கு ஒரே நேரத்துல 12 கிராம் வரைக்கும் பெரிய தொந்தரவு இருக்காது. அதனால முதல்ல அதே பவுடரைத் தண்ணியில கலந்து ஒரு வாரம் பாருங்கன்னு சொன்னேன். அப்பவும் வயிறு கெட்டா, லாக்டோஸ் ஏறக்குறைய இல்லாத ஐசோலேட்டுக்குப் போகலாம். ஆனா ரத்தம் போகுது, எடை குறையுது, ராத்திரி தூக்கத்துல எழுப்பி ஓட வைக்குதுன்னா அது லாக்டோஸ் கதை இல்ல. டாக்டரைப் பாருங்க.

தண்ணியில கலந்ததும் வயிறு சரியாப் போச்சு. பயந்துபோய் பால், தயிர் ரெண்டையும் மொத்தமா நிறுத்திட்டார். இப்போ அவரோட ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டோம்.

தசை வளர்க்க ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரோட்டீன்னு வச்சா அவருக்கு 112 கிராம் வேணும். ஆறு முட்டை, கால் கிலோ வெந்த சிக்கன், இதுலயே அது வந்துடுது. பருப்பும் பவுடரும் அதுக்கு மேல. புரோட்டீன்ல குறையே இல்ல.

கால்சியம்? முட்டை ஒண்ணுக்கு 25 மில்லிகிராம் அளவுதான். சிக்கன்ல அதைவிட மோசம், கால் கிலோவுக்கும் சேர்த்து 40 தாண்டாது. சோறு, பருப்பு, காய் எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 350 பக்கம் நிக்குது. ஐசிஎம்ஆர் பெரியவங்களுக்குச் சொல்றது ஒரு நாளைக்கு 1000.

இது வெளியே தெரியாது, அதுதான் சிக்கல். "ரத்தத்துல கால்சியம் நார்மல்தான்"னு ரிப்போர்ட் அனுப்பினார். நார்மலாத்தான் இருக்கும். சாப்பாட்டுல குறைஞ்சா உடம்பு எலும்புல இருந்து எடுத்து ரத்தத்துல அளவைச் சரிகட்டிடும். அதனால அந்த டெஸ்ட் நீங்க போதுமான அளவு சாப்பிடுறீங்களான்னு சொல்லாது. சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

சரி, 650 எங்கிருந்து வரும்? தயிரைத் திரும்பக் கொண்டுவந்தோம். பால் உறையும்போதே லாக்டோஸ்ல ஒரு பங்கு குறையுது, தயிர்ல உயிரோட இருக்கிற பாக்டீரியா மிச்சத்தைக் குடல்ல செரிக்கவும் உதவுது. மதியம் 150 கிராம், ராத்திரி 150 கிராம். 360 மில்லிகிராம் வந்தாச்சு. தயிரைக் கொதிக்க வச்சா அந்த பாக்டீரியா செத்துடும். மோர்க்குழம்பு ஒத்துக்கலன்னா தயிர் மேல பழி போடாதீங்க.

மிச்சத்துக்கு அவர் ஊரே பதில் வச்சிருக்கு. சாளை. சின்ன வயசுல முள்ளை எடுத்து வச்சா அவங்க ஆச்சி, "ஏலே, அதை ஏம்ல துப்புத? மென்னு தின்னு"ன்னு திட்டுவாங்களாம். ஆச்சி சொன்னது சரி, மீன்ல கால்சியம் இருக்கிறது முள்ளுலதான். சீலாத் துண்டு ருசிதான், புரோட்டீனும் நிறைய, ஆனா முள்ளை ஒதுக்கிட்டா கால்சியம் ரொம்பக் கொஞ்சம். முள்ளோட சாப்பிடுற டின் சாளையில 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் வரைக்கும் இருக்கு, கூடவே 24 கிராம் புரோட்டீன். வீட்டுல செய்யுறதா இருந்தா குடல், செதில் எடுத்து, புளி ஊத்தி, குக்கர்ல சின்னத் தீயில அரை மணி நேரம். நடுமுள்ளு விரல்ல அழுத்தினா நசுங்கணும். நசுங்கலன்னா இன்னும் கொஞ்சம் வேகட்டும், இல்லன்னா தொண்டையில மாட்டும். நெத்திலிக்கு இந்தப் பாடு இல்ல, அப்படியே மெல்லலாம். நெத்திலிக் கருவாடும் நல்லதுதான், ஆனா உப்பு. நல்லா ஊறவச்சுக் கழுவிட்டு, தொட்டுக்க மட்டும்.

சாளை சாப்பிடுற அன்னைக்கு சிக்கனை 80 கிராம் குறைச்சுக்கிட்டார். புரோட்டீன் கணக்கு மாறல.

மீன் கிடைக்காத நாள்ல 50 கிராம் கேழ்வரகு மாவுல கூழோ தோசையோ, கூட ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. காகிதத்துல ரெண்டும் சேர்ந்து 300 தாண்டும், ஆனா தானியத்துலயும் கீரையிலயும் இருக்கிற கால்சியம் முழுசா உடம்புல சேராது. அதனால அந்த நாள்ல தயிரை இன்னொரு கிண்ணம், சாயங்காலமாத் தனியா சாப்பிடச் சொல்லியிருக்கேன். ஒரேயடியா அரை லிட்டர் சாப்பிட்டா பழைய கடகட சத்தம் திரும்பி வந்துடும். அதை அவரே ஒரு ஞாயித்துக்கிழமை சோதிச்சுப் பார்த்துட்டார்.