கேமரா கேட்டதும் ஆசை கேட்டதும்



வீட்டுச் சுவரில் தொங்கிய பழைய படங்களைக் கழற்றிவந்து இந்த மண்டபத்தில் மாட்டியிருக்கும் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். நம் ஊரில் பளிங்குத் தூண் கிடையாது. அன்னம் நீந்தும் ஏரியும் கிடையாது. ஆனால் 1910, 1920களில் எடுத்த படங்களில் நம் பாட்டனும் பாட்டியும் தூணுக்கும் ஏரிக்கும் நடுவே நிற்கிறார்கள். அத்தனையும் படுதா. துணியை இழுத்துக் கட்டி, வெள்ளைப் பொடியை வச்சிரத்தில் குழைத்து எழுதிய சீனரி. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிய கைகளே பல ஊர்களில் ஸ்டூடியோவுக்கும் எழுதின. பிற்காலத்தில் காலண்டர் சாமிப் படங்களால் வீடுதோறும் அறியப்பட்ட கோவில்பட்டி கொண்டையராஜு நாடகத் திரை எழுதியவர்தான்.

அந்தப் படங்களைப் பார்த்ததும் நாம் என்ன சொல்கிறோம்? "அந்தக் காலத்தில் சிரிக்கவே மாட்டார்கள். எப்படி விறைப்பாக நிற்கிறார் பாருங்கள், பயம்!" என்கிறோம். அவசரப்படாதீர்கள் என்பதுதான் இன்று நான் கேட்டுக்கொள்வது. ஒரு படத்தில் கேமரா கேட்டது பாதி, வந்தவர் கேட்டது பாதி. முதல் பாதியைக் கழித்த பிறகுதான் மனிதர்களின் ஆசை தெரியும்.

கேமரா என்ன கேட்டது? ஆடாமல் இருக்கச் சொன்னது. வடக்குப் பக்கத்துக் கண்ணாடிச் சாளரத்தில் வரும் பகல் வெளிச்சம்தான் விளக்கு. மேகம் மூடினால் சில விநாடிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அத்தனை நேரம் சிரிப்பை நிறுத்திவைத்தால் உதடு நடுங்கும், படம் கலங்கும். நிற்பவரின் கை எங்காவது பிடிமானம் தேடும். அதனால்தான் நாற்காலி முதுகில் கை, டீப்பாய் மேல் கை. சில ஸ்டூடியோக்களில் பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்று வைப்பார்கள். நிற்பவர் குதிகாலுக்குப் பின்னே உற்றுப் பாருங்கள். அதன் இரும்பு அடிப்பாகம் எட்டிப் பார்க்கும். ஆக, விறைப்பைக் கேமராக் கணக்கில் எழுதுங்கள்.

நிறமும் அப்படித்தான். அன்றைய கண்ணாடித் தகட்டுக்கு நீலம் நன்றாகத் தெரியும், சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. நீலச் சேலை வெளிறிப் போகும், அரக்குச் சேலை கறுத்துப் போகும், நெற்றிக் குங்குமம் மைப்பொட்டாகிவிடும். படுதாவைச் சாம்பல் நிறத்திலேயே எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். ஏழு வண்ணத்தில் எழுதினால் தகட்டில் எந்த வண்ணம் என்ன ஆகும் என்று கணக்கிட வேண்டியிருக்கும்.

இதே தகடு நம் மாநிறத்தை இன்னும் கறுப்பாகக் காட்டும். இங்கேதான் ஆசை உள்ளே வருகிறது. நெகட்டிவ்வில் முகம் இருக்கும் இடத்தில் கூர்மையான பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டுவார்கள். டச்சிங் என்பார்கள். நெகட்டிவ்வில் எங்கே அடர்த்தி கூடுகிறதோ, அச்சில் அங்கே வெளுப்புக் கூடும். அம்மைத் தழும்பு மறையும், முகம் சிவப்பாகும். ஆனால் கைக்கு யாரும் டச்சிங் செய்ய மெனக்கெட மாட்டார்கள். அந்த மூன்றாவது வரிசைப் படங்களைப் பாருங்கள்: முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். எப்படித் தெரிய வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதை முகமும், எப்படி இருந்தார்கள் என்பதை ஓரளவு கையும் சொல்கின்றன.

வாசல் பக்கம் மாட்டியிருக்கும் தம்பதி படத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் உட்கார்ந்திருக்கிறார். மனைவி பக்கத்தில் நிற்கிறார். பின்னால் மாளிகைப் படிக்கட்டு. டீப்பாயில் தடித்த புத்தகம், பூச்சாடி. "படித்த குடும்பம்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. பொறுங்கள். நான்கு படம் தள்ளி அதே ஸ்டூடியோவின் இன்னொரு படம் இருக்கிறது. அட்டையின் அடியில் அதே பெயர். அதே பூச்சாடி, அதே புத்தகம், வேறு குடும்பம். ஆகவே புத்தகம் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். நாற்காலியும் அப்படியே. கணவரின் கோட்டைப் பாருங்கள். தோள் இறங்கி, கை நீளம் விரல் கணுவைத் தொடுகிறது. இரவல் கோட்டாகத்தான் இருக்க வேண்டும். வேட்டிக்கு மேல் போட்டுக்கொள்ளப் பல ஸ்டூடியோக்களில் கோட்டு தொங்கும்.

இதையெல்லாம் கழித்தால் என்ன மிஞ்சுகிறது? இடது கையில் கோட்டு நுனி மட்டும் மேலே மடித்திருக்கிறது. அங்கே ஒரு கடிகாரம். அதை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. நேரத்துக்கு வேலை, நேரத்துக்குச் சம்பளம் என்ற புது வாழ்க்கையின் அடையாளம் அது. அம்மையாரைப் பாருங்கள். சங்கிலியைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டிருக்கிறார். பதக்கம் நேராகத் தெரிகிறது. கொசுவத்துக்கு அடியில் ஒரு கால் சற்றே முன்னே வந்திருக்கிறது, மெட்டி தெரிவதற்காக. மாளிகை கடன், கோட்டு கடன், புத்தகம் கடன். கடிகாரத்தையும் பதக்கத்தையும் மெட்டியையும் காட்டிய விதம் மட்டும் அவர்களுடையது.

ஒருவேளை படக்காரரே "கையை மடித்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தால்? இருக்கலாம். ஒரே படத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அதே ஸ்டூடியோவின் பத்துப் படங்களில் எல்லாக் கையும் மடித்திருந்தால் அது படக்காரர் பழக்கம். ஒருவர் கை மட்டும் மடித்திருந்தால் அது அவர் விருப்பம்.

ஆசையே கேமராவுக்குக் கட்டளையிட்ட படமும் உண்டு. பெரியவளான பெண்ணுக்குப் பூச்சடை தைத்து எடுக்கும் சடங்குப் படம். முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்கும் சடையும் தெரிய வேண்டும். அதனால் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்தார்கள். அது படக்காரருக்குப் பெரிய தலைவலி. கோணம் கொஞ்சம் பிசகினால் கறுப்புத் துணி மூடிய கேமராவே கண்ணாடியில் தெரிந்துவிடும். படுதாவில் கண்ணாடிக்கும் இடம் விட வேண்டும். இத்தனை சிரமமும் எதற்கு? சடைக்குச் செய்த செலவையும், விடியற்காலையில் எழுந்து தைத்த கைவேலையையும் ஊர் பார்க்க வேண்டும் என்று தாய் கேட்டதற்கு. நிலைக்கண்ணாடியைக் கேட்டது கேமரா அல்ல, தாய்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்பதிவு செய்திருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுப் பரணுக்கு எந்த நிறுவனமும் ஏற முடியாது. அதனால் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, ஃப்ரேமுக்குள் அடக்குவதற்காக அட்டையின் ஓரத்தை வெட்டாதீர்கள். ஸ்டூடியோ பெயரும், இரும்புத் தாங்கியும், படுதா தரையைத் தொடும் இடமும் ஓரத்தில்தான் இருக்கின்றன. முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நான் இவ்வளவு நேரம் சொன்னதில் பாதியைப் படிக்க முடியாது. இரண்டு, செல்பேசியில் எடுத்துப் "புதுப்பிக்கும்" போது பின்னணியை அழித்துவிடாதீர்கள். மூன்று, படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் கேட்டு, அட்டையின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும்.

எழுதும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: அந்தக் கடிகாரம் அவருடையதா, ஸ்டூடியோவுடையதா? அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் கேட்டுவிடுங்கள்.