பயணத்தின் மேல் இருப்பவர்

1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்தன. முஸ்லிம்கள் எல்லாரும் ஒஸ்மானியா கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தன. அங்கே விடுதலைப் புலிகள் சொன்ன செய்தி இரண்டு மணி நேரக் கெடு. ஒரு ஊரே உடுத்த உடுப்போடு வெளியேறியது. பெரும்பாலானவர்கள் சில நாள்களில் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். நான்கரை மாதம் கழித்து, 1991 மார்ச்சில், முதல் ரமழான் பிறை தெரிந்தது.

அந்தப் பிறை ஒரு மார்க்கக் கேள்வியையும் கொண்டுவந்தது. திரும்பிப் போகக் காத்திருக்கும் அகதி, குர்ஆன் சொல்லும் பயணியா? அப்படியானால் நோன்பை விட்டுப் பின்னால் நோற்கலாம். இல்லையென்றால் ஊராரோடு சேர்ந்து நோற்க வேண்டும். இதற்கு விடை தேடப் போகிறவர் பகறா அத்தியாயத்தின் 183 முதல் 187 வரையான ஐந்து வசனங்களுக்குத்தான் போக வேண்டும். குறிப்பாக 184, 185க்கு.

முதல் வசனம் நோன்பு விதிக்கப்பட்டதை அறிவிக்கிறது. அடுத்தது, அது எண்ணப்பட்ட சில நாள்களே என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு உடனே விலக்குக்கு வருகிறது: நோயாளியாக இருப்பவருக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் வேறு நாள்களில் அந்த எண்ணிக்கை. 185 ரமழானைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதே விலக்கைத் திரும்பவும் சொல்கிறது. இலகுவையே இறைவன் நாடுகிறான், சிரமத்தை அல்ல என்ற காரணமும் அங்கேதான் வருகிறது.

இந்த இடத்தில் வசனம் ஒரு சொல்லை விட்டுச் செல்கிறது. நோயாளியோ பயணியோ “நோன்பை விட்டால்” என்ற நிபந்தனை அதில் இல்லை. பயணத்தில் இருந்தாரா, வேறு நாள்களில் எண்ணிக்கை, அவ்வளவுதான். 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் இதை எழுத்துக்கு எழுத்தாக எடுத்தார். பயணி ரமழானில் நோன்பு பிடித்தாலும் அது செல்லாது, வேறு நாள்களில்தான் நோற்க வேண்டும் என்றார். நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வார் என்று அரபு மொழி இப்படிச் சொற்களை விடுவது வழக்கம் என்றார்கள். பயணத்தில் நோன்பு பிடிக்கலாமா என்று கேட்ட ஹம்ஸா இப்னு அம்ரிடம், விரும்பினால் பிடி, விரும்பினால் விடு என்று நபியவர்கள் சொன்னதையும் எடுத்துக்காட்டினார்கள். விடுபட்ட ஒரு சொல்லை எப்படி நிரப்புவது என்பதில்தான் கடமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாடே தங்கியிருக்கிறது.

அடுத்த நுட்பம் ஒரு சின்ன இடைச்சொல்லில் இருக்கிறது. நோயாளியைச் சொல்லும்போது வசனம் நேரடியாக ‘மரீழ்’ என்கிறது. பயணியைச் சொல்லும்போது ‘முஸாபிர்’ என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ‘அலா ஸஃபர்’, பயணத்தின் மேல் இருப்பவர், என்கிறது. குதிரையின் மேல் ஏறி அமர்ந்தவரைப் போல, பயணத்தில் ஏறிவிட்டவர். பகல் பாதியில் புறப்படுகிறவர் அன்றைய நோன்பை விட முடியாது என்பதற்கு இச்சொல்லில் ஒரு குறிப்பு இருப்பதாக ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த விரிவுரையாளர் பைழாவி எழுதினார்.

இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர் என்பதால் இது ஏட்டோடு நிற்கும் செய்தி அல்ல. புத்தளத்திலிருந்து ரமழானில் யாழ்ப்பாணம் புறப்படும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். தூரம் சாலை வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். சட்டம் கேட்கும் இரண்டு மன்ஸில், அதாவது 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல், தாராளமாகக் கடந்துவிடும். ஆனால் பஸ் சுபஹுக்கு முன்பே ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். சஹர் செய்து, சுபஹ் தொழுது, பிறகு பஸ் ஏறினால் அன்றைய நோன்பை அவர் முடித்தே ஆகவேண்டும். ஹன்பலி மத்ஹபில் பகலில் புறப்பட்டவரும் விடலாம்.

இனி அகதியின் கேள்வி. ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தவர் எத்தனை நாள் பயணியாக நீடிக்கிறார்? நான்கு முழு நாள் தங்கும் எண்ணம் வந்ததும் பயணம் முடிந்தது என்கிறது ஷாபிஈ சட்டம்; வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் சேராது. ஹனபி மத்ஹபில் பதினைந்து நாள். ஷாபிஈகளின் நான்கு நாள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. மக்காவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஹாஜிர்கள், பின்னாளில் ஹஜ்ஜுக்காக அங்கே வந்தபோது, கடமைகளை முடித்தபின் மூன்று நாள் மட்டும் தங்க அனுமதி பெற்றார்கள். மூன்று நாள் தங்குவது குடியிருப்பு ஆகாது என்று அதிலிருந்து சட்டம் எடுத்தார்கள். ஊரை இழந்தவர்கள் சொந்த ஊரில் எத்தனை இரவு தங்கலாம் என்ற கணக்கே உலகத்துப் பயணிகளுக்கெல்லாம் அளவுகோலாயிற்று.

“இன்றைக்கோ நாளைக்கோ திரும்பிவிடுவோம்” என்று காத்திருப்பவருக்குத் தனி விதி உண்டு. ஷாபிஈ மத்ஹப் அவருக்குப் பதினெட்டு நாள் வரை சலுகை தருகிறது. ஹனபிகள் இன்னும் தாராளம்: பதினைந்து நாள் தங்கும் எண்ணம் வராதவரை, வருடக் கணக்கானாலும் அவர் பயணியே. 1991 மார்ச்சில் புத்தளத்துக் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு, அவர்கள் பின்பற்றிய மத்ஹபின்படி, பதினெட்டு நாள் எப்போதோ தீர்ந்திருந்தது. மனம் சோனகத் தெருவில் இருந்தாலும் சட்டம் அவர்களைப் புத்தளத்தில் குடியிருப்பவர்களாகவே எண்ணியது. நோய், தள்ளாமை போன்ற வேறு காரணம் இல்லாதவருக்கு நோன்பு கடமை. இதைக் கடுமை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பயணி என்ற பெயரோடு ஆண்டாண்டாக நோன்புக் கடனைச் சேர்த்துச் சுமப்பதைவிட, அக்கம்பக்கத்தாரோடு கஞ்சிக் கோப்பையைப் பகிர்ந்து நோன்பு திறப்பது அவர்களுக்கு இலகுவாக இருந்திருக்கும் என்றே கொள்ளலாம்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தது. பலர் பழைய வீட்டைப் பார்த்துவர யாழ்ப்பாணம் வந்தார்கள். புத்தளத்தையே நிரந்தர ஊராக்கிக்கொண்ட ஒருவர் ரமழானில் இரண்டு நாளுக்கு இப்படி வந்தால், பிறந்த மண்ணிலும் அவர் பயணிதானா?

அதற்கும் முன்னோடி முஹாஜிர்களே. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமழானில், கி.பி. 630 ஜனவரியில், நபியவர்கள் மதீனாவிலிருந்து மக்காவை நோக்கிப் புறப்பட்டார்கள். கதீத் என்ற இடம்வரை நோன்பு பிடித்திருந்தவர்கள் அங்கே அதை விட்டார்கள். மக்களும் பின்பற்றினார்கள். மக்காவில் பத்தொன்பது நாள் தங்கியபோது தொழுகையைச் சுருக்கியே தொழுதார்கள் என்று இப்னு அப்பாஸ் அறிவிக்கிறார். பிறந்த ஊர், வளர்ந்த தெரு; உறவினர் பலரும் அங்கே இருந்தார்கள். ஆனாலும் பயணிகள். ஓர் ஊரில் உறவும் சொத்தும் இருப்பதால் மட்டும் அங்கே போகும் பயணி உள்ளூர்க்காரர் ஆகிவிடமாட்டார் என்ற ஷாபிஈ நிலைப்பாட்டுக்கு இது அடிப்படை.

ஆகவே சோனகத் தெருவின் இடிந்த சுவரருகே இரண்டு நாள் நிற்பவருக்கு 184ஆம் வசனத்தின் சலுகை உண்டு. சிரமம் இல்லையென்றால் நோற்பது மேல் என்கிறது அவருடைய மத்ஹப். நோற்பது உங்களுக்கு நல்லது என்ற அதே வசனத்தின் இறுதிப் பகுதியை அறிஞர்கள் இதற்கு எடுத்துக்காட்டினார்கள். விட்டால் இரண்டு நாளை அடுத்த ரமழானுக்குள் களாச் செய்ய வேண்டும். வசனம் ‘வேறு நாள்கள்’ என்று மட்டும் சொல்வதால் அவை தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை.

திரும்பிக் குடியேறவே வருகிறவரின் நிலை வேறு. 2009க்குப் பிறகு அப்படியும் சில குடும்பங்கள் வந்தன. அவர் ஊர் எல்லைக்குள் கால் வைத்ததும் பயணம் முடிகிறது. நோன்போடு வந்து சேர்ந்தால் அதன்பின் அவர் அதை விடக்கூடாது. வழியில் விட்டுவிட்டு நண்பகலில் வந்திறங்கினால், மாதத்தின் கண்ணியத்துக்காக மஃரிப் வரை உண்ணாமல் இருப்பது விரும்பத்தக்கது, கட்டாயம் இல்லை.