கோட்டையின் மூலையும் நாணயத்தின் மூலையும்

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாரதி பூங்காவைச் சுற்றி நாம் எல்லோரும் நடந்திருப்போம். அந்தப் பகுதியில்தான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் புனித லூயி கோட்டையைக் கட்டினார்கள். பிரான்சுவா மர்த்தேன் ஆளுநராக இருந்த காலம் அது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்த பிறகு கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பழைய வரைபடங்களில் அதன் வடிவம் ஐங்கோணம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கொத்தளம். பலகோணப் பாடத்தை நான் இந்தக் கோட்டையில் இருந்துதான் தொடங்குவேன்.

விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய ஐங்கோணம் ஒன்றை வரைந்து, ஒரு மாணவனைக் காவல்காரனாக அதன்மேல் நடக்க விடுவேன். ஒரு மூலைக்கு வந்ததும் அவன் நேராகப் போகாமல் திரும்ப வேண்டும். எவ்வளவு திரும்பினான்? அதுதான் வெளிக்கோணம். ஐந்து மூலையிலும் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கு வந்தால், முதலில் எந்தத் திசையைப் பார்த்தானோ அதே திசையைப் பார்த்து நிற்பான். ஆக மொத்தம் ஒரு முழுச் சுற்று, 360 பாகை. கோட்டைச் சுவர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இந்த மொத்தம் மாறாது. ஒவ்வொரு மூலையின் அளவுதான் மாறும். ஒழுங்கு ஐங்கோணம் என்றால் ஐந்தும் சமம், ஒவ்வொன்றும் 72. நேர்கோட்டில் மீதி இருக்கும் 108தான் உட்கோணம்.

நம்மில் பலர் (n − 2) × 180 என்ற வாய்பாட்டில் தொடங்கி, அதை n ஆல் வகுத்து உட்கோணத்துக்குப் போகிறோம். அது தவறில்லை. ஆனால் கோணத்தைக் கொடுத்துப் பக்கங்களைக் கேட்கும்போது பிள்ளைகள் அந்தச் சமன்பாட்டைத் திருப்ப முடியாமல் திணறுகிறார்கள். சிலர் அவசரத்தில் 360ஐ உட்கோணத்தாலேயே வகுத்துவிடுகிறார்கள். உட்கோணம் 150 என்றால் 360 ÷ 150 = 2.4 பக்கம்! காவல்காரனை நடக்க விட்ட வகுப்பில் இந்தத் தவறு குறைவு. 150 என்றால் அவன் 30 திரும்புகிறான். 360இல் எத்தனை 30? பன்னிரண்டு. இரண்டே வரி.

இனி, என் வகுப்பில் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

ஒரு நாள், உட்கோணம் 145 பாகை உள்ள ஒழுங்கு பலகோணம் உண்டா என்று கேட்டேன். வெளிக்கோணம் 35, 360 ÷ 35 முழு எண் இல்லை, ஆகவே அப்படிப் பலகோணமே இல்லை என்று எழுத வைத்தேன். மறுநாள் ஒரு மாணவி பழைய இரண்டு ரூபாய் நாணயத்தைக் கொண்டு வந்தாள். 1990களில் வந்த, ஓரம் பட்டை பட்டையாக இருக்குமே, அது. தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அளந்திருந்தாள்.

"மிஸ், உட்கோணம் 148 வருது. வெளிக்கோணம் 32. 360ஐ வகுத்தா 11.25. நீங்க சொன்னபடி இந்தக் காசே கிடையாது. ஆனா என் கையில இருக்கே?"

வகுப்பு சிரித்தது. பக்கத்துப் பெஞ்சில் ஒருவன் அதே காசை அளந்து 149 என்றான். 360 ÷ 31 = 11.6, முழுமைப்படுத்தி 12 பக்கம் என்றான். எண்ணிப் பார்த்தால் 11.

"11.25ஐ 11 என்று வைத்துக்கொள்" என்று சொல்லிக் கடந்திருக்கலாம். அப்படிச் சொன்னால் முந்தைய நாள் 10.28ஐ ஏன் 10 என்று வைக்கவில்லை என்ற அவள் கேள்விக்குப் பதில் இல்லை. அன்று பதில் சொல்லத் தெரியாமல் நாளை சொல்கிறேன் என்றுதான் வந்தேன்.

கேள்வித்தாளில் கொடுக்கப்படும் 145 என்பது சரியாக 145. அங்கே வகுத்து முழு எண் வராவிட்டால் பலகோணம் இல்லை, அவ்வளவுதான். கோணமானியில் படிக்கும் 148 வேறு. அதற்கு அர்த்தம், ஒரு பாகை முன்னே பின்னே 148. அதாவது 147க்கும் 149க்கும் இடையே எங்கோ. வெளிக்கோணம் 31க்கும் 33க்கும் இடையே, பக்கங்கள் 10.9க்கும் 11.6க்கும் இடையே. அந்த இடைவெளியில் இருக்கும் ஒரே முழு எண் 11. ஆகவே அவள் விடை சரி. பதினொரு கோணத்தின் உண்மையான உட்கோணம் ஏறத்தாழ 147.3.

பக்கத்துப் பையன் ஏன் தவறினான்? அவனுடைய 149இல் பிழை ஒன்றரைப் பாகைக்கு மேல். இதே பிழை ஐங்கோணத்தில் நடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஐங்கோணத்தின் வெளிக்கோணம் 72, அறுகோணத்தினுடையது 60. நடுவே 12 பாகை இடம் இருக்கிறது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே மூன்று பாகைகூட இல்லை: 32.7, 30. பக்கம் கூடக்கூட இந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். அந்தக் காசின் ஒரு பக்கம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய கோட்டை நீட்டும்போது பென்சில் முனை கால் மில்லிமீட்டர் விலகினாலே கோடு இரண்டு பாகை சாய்ந்துவிடும். காசின் மூலை மழுங்கியிருப்பது வேறு. பையனைக் குறை சொல்ல வழியில்லை.

மறுநாள் நாங்கள் செய்தது இது. அடுத்தடுத்த பக்கங்களை அளக்க வேண்டாம். முதல் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் நீட்டுங்கள் என்றேன். முதல் பக்கத்தில் இருந்து நான்காவதுக்குப் போகக் காவல்காரன் மூன்று முறை திரும்புகிறான். மொத்தத் திருப்பத்தை அளந்து மூன்றால் வகுத்தால், அளவில் உள்ள பிழையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இரண்டு ரூபாய்க் காசுக்கு மொத்தம் 98, 99 என்று வந்தது. மூன்றால் வகுத்தால் 32.7, 33. யாருக்கும் 12 வரவில்லை.

பிறகு 2019இல் அறிவிக்கப்பட்ட இருபது ரூபாய் நாணயத்தை எடுத்தோம். அது பன்னிரண்டு பக்கம். மூன்று திருப்பம் என்றால் 3 × 30 = 90. நீட்டிய இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் மூலைமட்டத்தின் செங்கோணம் அப்படியே பொருந்தியது, கோணமானியே தேவைப்படவில்லை. பழைய காசின் கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஏறக்குறைய 82 பாகைதான், மூலைமட்டம் உள்ளே நுழையாது. இரண்டு காசையும் அருகருகே வைத்து இதைச் செய்து பாருங்கள். பழைய காசு கிடைக்காத பள்ளியில் அட்டையில் வெட்டிக்கொள்ளலாம்.

வினாத்தாள் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். வெளிக்கோணம் முழுப் பாகையாக வரும் ஒழுங்கு பலகோணங்கள் 22 மட்டுமே. 360இன் வகுத்திகளில் 1, 2 இரண்டையும் விட்டால் மீதி. முதலில் விடுபடுவது எழுகோணம், அடுத்தது பதினொரு கோணம். ஆகவே "உட்கோணம் 128, பக்கங்கள் எத்தனை?" என்று கேட்டால் விடை கிடையாது. சில பயிற்சித்தாள்களில் 128.5 என்று கொடுத்து 7 என்ற விடையை எதிர்பார்க்கிறார்கள். அதையே துல்லியமாக வகுத்து "இல்லை" என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். கேட்பதானால் "ஏறத்தாழ 128.5" என்று எழுதுங்கள், அல்லது வெளிக்கோணத்தை 360/7 என்றே கொடுத்துவிடுங்கள்.

அந்த மாணவியின் நோட்டில் 11.25க்குப் பக்கத்தில் நான் முதல் நாள் போட்ட கேள்விக்குறியை அடித்துவிட்டு, சரிக்குறி போட்டேன். அவள் அதன் கீழே 10.9, 11.6 இரண்டையும் எழுதி, நடுவில் 11ஐ வட்டமிட்டிருந்தாள்.