கைக்குறிப்பும் கணினிக் குறிப்பும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூர் என்ற ஊர் இருக்கிறது. பட்டாசுத் தொழிலுக்குச் செல்லவிருக்கும் இளைஞர்கள் சிலருக்கு அங்கே மாலை வேளைகளில் வேதியியல் சொல்லித் தருகிறேன். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நம் மாநில அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது முதல், பாடம் கேட்கும்போது குறிப்பை நோட்டில் எழுதுவதா, கணினியில் தட்டச்சு செய்வதா என்ற கேள்வி இவ்வட்டாரத்து வீடுகளிலும் எழுந்துவிட்டது. பொதுவாகப் பேசுவதைவிட, ஒரே பாடத்துக்கு எடுக்கப்பட்ட இரண்டு குறிப்புகளை நேயர்கள் முன் வைத்துப் பார்க்கிறேன்.

அன்றைய பாடம், மருந்துக் கலவையில் ஈரம் பட்டால் என்ன நேரும் என்பது. வெடியுப்பும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவை ஈரப்பட்டால் இரண்டும் மெல்ல வினைபுரியத் தொடங்கும். அப்போது வெப்பமும் அம்மோனியாவும் உண்டாகும். அம்மோனியா நீரில் கரைந்து காரமாகும். அலுமினியத்தின்மேல் அதைக் காக்கின்ற மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதனை இந்தக் காரம் கரைத்துவிடும். ஆகவே வினை மேலும் விரைவாகும். குவியலின் நடுவிலே பிறந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, யாரும் தொடாமலே கலவை தீப்பற்றக்கூடும். சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பது அந்தக் காரத்தை அடக்குவதற்காகவே. ஆனால் அலுமினியத்துக்குப் பதில் மக்னீசியம் இருந்தால் போரிக் அமிலம் உதவாது, கேடே செய்யும்.

இதைக் கேட்ட ஒரு பெண், நோட்டில் ஐந்தாறு சொற்களை எழுதி அம்புக்குறிகளால் இணைத்திருந்தாள்: ஈரம், அம்மோனியா, காரம், படலம் கரைவு, சூடு, மறுபடியும் அம்மோனியா. கடைசி அம்புக்குறி வளைந்து தொடக்கத்துக்கே திரும்பியது. அந்த வளைவு நான் வரைந்து காட்டியதன்று, அவளே கண்டுகொண்டது. அடுத்த பெஞ்சிலிருந்த இளைஞன் கணினியில் நான் பேசியதை ஏறக்குறைய வாக்கியம் வாக்கியமாகவே பதிந்திருந்தான்.

சில வாரங்கள் கழித்து இருவரையும் கேட்டேன். போரிக் அமிலம் எதில் சேர்ப்பது என்ற கேள்விக்கு இருவரும் சரியாகவே விடை சொன்னார்கள். கலவை வைத்திருக்கும் அறையில் அம்மோனியா நெடி வந்தால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டபோது அவன் தயங்கினான். அவள் உடனே, “உள்ளே சூடு ஏறத் தொடங்கிவிட்டது, ஐயா. கிளறிப் பார்க்கக் கூடாது. விலகிப் போய் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும்,” என்றாள். ஆனால் மக்னீசியத்தைப் பற்றிக் கேட்டதும் நிலைமை மாறிற்று. அந்த வாக்கியத்தை நான் சொன்னபோது அவள் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் நோட்டிலும் இல்லை, நினைவிலும் இல்லை. அவனுக்கும் நினைவில்லைதான், ஆனால் கணினியைத் திறந்து அரை நிமிடத்தில் எடுத்துப் படித்துவிட்டான்.

இரண்டு பேரை வைத்து விதி வகுப்பது அறிவியலாகாது. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் இதனை முறையாகச் சோதித்து வெளியிட்டார்கள். கணினியில் எழுதியவர்கள் அதிகச் சொற்களை எழுதினார்கள். பேச்சாளரின் சொற்களை அப்படியே எழுதினார்கள். தகவல்களை நினைவுகூர்வதில், முதற் சோதனையில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை; கருத்தை விளக்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்களே மேம்பட்டார்கள். சொல்லுக்குச் சொல் எழுதாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் தட்டச்சு செய்தவர்களால் அவ்வழக்கத்தை விடமுடியவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குச் சுவையாகப்பட்ட செய்தி.

இந்த முடிவைப் பலர் வேதவாக்காகக் கொண்டுவிட்டார்கள். ஆனால் 2019ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். கணினியில் எழுதுபவர் அதிகம் எழுதுகிறார் என்பது மீண்டும் உறுதியாயிற்று. கையெழுத்தினால் தேர்வில் தெளிவான மேன்மை உண்டு என்பது அப்படி உறுதியாகவில்லை. ஆகவே பேனாவுக்குள் மாயம் ஒன்றுமில்லை. கை மெதுவாகச் செல்வதால் எதை விடுவது, எதை எழுதுவது என்று மனம் தீர்மானிக்க நேர்கிறது. அந்தத் தீர்மானம் நினைவுக்குத் துணைசெய்கிறது என்பது என் கருத்து. அதைச் செய்யாமல் கரும்பலகையைப் பார்த்துப் படியெடுப்பவர், பேனாவால் எழுதினாலும் தட்டச்சுக்காரரே.

வேகத்தைப் பொறுத்தமட்டில் தமிழ் மாணவனுக்கு ஒரு தனி இடையூறு உண்டு. ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டித் தமிழாக்கும் முறையையே பெரும்பாலோர் பழகியிருக்கிறார்கள். ‘அம்மா’ என்பதற்கு அம்முறையில் ஐந்து தட்டுகள் வேண்டும். 1999ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் அ, ம, ம, ஆ என்று நான்கே போதும். மெய்க்குரிய புள்ளி தானே விழுந்துவிடும். ஒரு சொல்லில் ஒரு தட்டு குறைவது அற்பமாகத் தோன்றலாம். ஒருமணி நேரப் பாடத்தில் அது சேர்ந்து கணிசமாகிவிடும். வேதியியல் வாய்பாடு, படம், அம்புக்குறி என்று வந்துவிட்டாலோ எந்த விசைப்பலகையும் பென்சிலுக்கு ஈடாகாது.

பிறகு தேடும்போதுதான் கணினிக்குரிய பெருமை வெளிப்படுகிறது. அதிலும் தமிழுக்கென்று ஒரு நுட்பம் இருக்கிறது. அவ்விளைஞன் ஒருநாள், “ஈரம் என்று தேடினால் பாதிக் குறிப்பு வரவில்லை, ஐயா,” என்றான். காரணம் எளிது. நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது உருமாறுகின்றன. ‘ஈரம்’ என்று கொடுத்தால் ‘ஈரத்தால்’, ‘ஈரப்பதம்’ என்பவை அகப்படமாட்டா. ‘ஈர’ என்று நிறுத்திவிட்டால் எல்லாம் வந்துவிடும். சில செயலிகளில் கூடவே ஈரோடும் வந்து நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதுபோலவே ‘மருந்து’ என்று கேட்டால் ‘மருந்தை’, ‘மருந்தில்’ இரண்டும் தப்பிவிடும். ‘மருந்’ வரை கொடுப்பதே போதும். ‘மணிமருந்து’ என்று ஓரிடத்தில் சேர்த்தும், ‘மணி மருந்து’ என்று மற்றோரிடத்தில் பிரித்தும் எழுதிவைத்தால் தேடல் தடுமாறும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் பதிந்த குறிப்புகளோ, கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு வேறு குறிகளாகவும் இருக்கும். அவற்றை மாற்றியமைத்தாலன்றித் தேட இயலாது.

நோட்டிலும் தேடுவதற்கு வழி உண்டு. பக்கங்களுக்கு எண்ணிட்டு, கடைசி இரண்டு பக்கங்களைக் காலியாக விட்டு, பாடம் முடிந்ததும் ‘ஈரம் 14, 31’ என்பதுபோல் எழுதிவர வேண்டும். இதை மாதக் கடைசியில் செய்யலாம் என்று தள்ளிவைத்தவர் எவரும் செய்து நான் கண்டதில்லை.

அந்த இருவரும் இப்போது ஒரு முறையைக் கையாளுகிறார்கள். வகுப்பில் இருவருமே நோட்டில் எழுதுகிறார்கள். அன்றிரவே நோட்டை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து பத்து வரிகளைக் கணினியில் பதிகிறார்கள். பிறகு நோட்டைத் திறந்து ஒப்பிடுகிறார்கள். விடுபட்டது அப்போது தெரிந்துவிடுகிறது. இருவர் பதிவையும் ஒப்பிட்டால், ஒருவர் தவறவிட்ட மக்னீசியம் மற்றவரிடம் இருக்கும். ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் நாளும் நோட்டுப் பக்க எண்ணும் இடுகிறார்கள். இதற்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆலைக்குள்ளே மருந்தறைக்குக் கணினியோ கைப்பேசியோ கொண்டுசெல்வதற்கில்லை. அங்கே நெடி வரும்போது தேடிப் பார்க்கவும் நேரம் இராது. அதனால் அந்த வளைந்த அம்புக்குறியை மட்டும், நோட்டைப் பாராமல் மறுபடி ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டே உறங்கச் செல்லுமாறு அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.